சிப்பு திரும்பி வந்த கதை

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பழைய கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றைப் புது லேப்டாப்பில் ஓட வைத்த கதை. அதில் மூன்று நாள் நான் செய்த தவறுகளும் அடக்கம். பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டிடிபி சென்டர் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, கடை நோட்டீஸ், கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்ட் எல்லாம் அங்கேதான் அடித்தார்கள். ஒரே ஒரு 486 கம்ப்யூட்டர், அதில் விண்டோஸ் 3.1. மதியம் அவர் சாப்பிடப் போகும்போது என் மனைவி கடையைப் பார்த்துக்கொள்வார். சும்மா உட்கார்ந்திருக்கும் அக்காவுக்காக மச்சான் ஒரு விளையாட்டைத் திறந்து கொடுத்தார். அதன் பெயர் சிப்ஸ் சேலஞ்ச். மைக்ரோசாஃப்ட் 1992-ல் வெளியிட்ட நான்காவது என்டர்டெயின்மென்ட் பேக்கில் இருந்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மேலிருந்து பார்க்கிற மாதிரி ஒரு கட்டம். அதில் சிப் என்ற பையன். அம்புக்குறி விசைகளால் அவனை நடத்தி, சிதறிக் கிடக்கும் சிப்புகளையெல்லாம் பொறுக்கி, வாசலைத் தாண்ட வைக்க வேண்டும். நடுவில் தண்ணீர், நெருப்பு, பனி, பூட்டிய கதவுகள், துரத்தும் பூச்சிகள். மொத்தம் 149 நிலைகள். முதல் எட்டு நிலைகளுக்கு 'லெஸன்' என்றே பெயர். ஒவ்வொன்றும் ஒரு புது விஷயத்தைச் சொல்லிக் கொடுக்கும். என் மனைவி அந்தப் பையனைச் 'சிப்பு' என்றுதான் சொல்வார். ஆறேழு வருஷம் விட்டு விட்டு ஆடி 112-ஆவது நிலைக்கு வந்து, அங்கே மாட்டிக்கொண்டார்.

பல முறை தோற்றால் அந்த விளையாட்டே இரக்கப்பட்டு, அடுத்த நிலைக்குத் தாவிப் போகிறீர்களா என்று கேட்கும். இவர் ஒரு முறைகூட 'ஆம்' சொன்னதில்லை. பிறகு அந்தக் கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போட்டார்கள். போடுவதற்கு முன்னால் மச்சான் அதில் இருந்ததையெல்லாம் ஒரு சிடியில் எரித்து வைத்தார். 2021-ல் மச்சான் போய்விட்டார்.

இந்தத் தை மாதம் அவர் மகன் கடை அலமாரியைக் காலி செய்தபோது அந்தச் சிடி கிடைத்தது. உறையில் மச்சானின் கையெழுத்தில் "486 முழுசும்" என்று எழுதியிருந்தது. கொண்டுவந்து கொடுத்தான். என் மனைவி கேட்ட முதல் கேள்வி, "ஏங்க, இதுல என் சிப்பு இருக்கானா?"

இருந்தான். வெளியிலிருந்து இணைக்கிற டிவிடி டிரைவ் ஒன்றை இரவல் வாங்கி, வேறு எதையும் தொடாமல் முதலில் சிடி முழுவதையும் லேப்டாப்பில் நகல் எடுத்தேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆன சிடி. இன்னொரு முறை படிக்குமா என்று யாருக்குத் தெரியும்? சில பத்திரிகை ஃபைல்கள் படிக்க முடியாமல் போயின. ஆனால் விளையாட்டின் ஃபோல்டர், பழைய WINDOWS ஃபோல்டர், விண்டோஸ் 3.1 ஃபிளாப்பிகளின் நகல் இருந்த ஃபோல்டர் மூன்றும் முழுசாக வந்துவிட்டன.

CHIPS.EXE மேல் இரண்டு தட்டு தட்டினேன். திரை முழுக்க நீலப் பட்டை, அதில் This app can't run on your PC என்ற செய்தி.

மருமகனுக்குப் போன் செய்தேன். "மாமா, ரைட் கிளிக் பண்ணி, பிராப்பர்ட்டீஸ்ல கம்பாட்டிபிலிட்டின்னு ஒண்ணு இருக்கும். அதுல பழைய விண்டோஸைப் போட்டுப் பாருங்க" என்றான். நானும் முயன்றேன். அதே செய்தி. அன்று ராத்திரி முழுக்க ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மருமகன் சொன்னது தவறான மருந்து அல்ல, வேறு நோய்க்கான மருந்து. அது எனக்கு மறுநாள்தான் புரிந்தது.

இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்றால் இதைத்தான் சொல்வேன். பழைய விளையாட்டு ஓடவில்லை என்றால், எதையும் மாற்றுவதற்கு முன்னால் அது எந்தக் காலத்து ஃபைல் என்று பாருங்கள். அதற்குத் தனியாக ஒரு மென்பொருளும் வேண்டாம். நோட்பேடைத் திறந்து, அந்த EXE ஃபைலை அதற்குள் இழுத்துப் போடுங்கள். எதையும் திருத்தாதீர்கள், சேமிக்காதீர்கள், பார்க்க மட்டும் செய்யுங்கள். திரை முழுக்கப் புரியாத எழுத்துகள் வரும். ஆனால் முதல் இரண்டு எழுத்து MZ என்று தெளிவாக இருக்கும். டாஸ் காலத்தில் மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்த மார்க் ஸ்பிகோவ்ஸ்கி என்பவரின் பெயர் முதலெழுத்துகள் அவை. எல்லா EXE ஃபைலிலும் இது இருக்கும், ஆகவே இதை விட்டுவிடலாம்.

அதற்குக் கொஞ்சம் கீழே பாருங்கள். PE என்ற இரண்டு எழுத்து இருந்தால் அது விண்டோஸ் 95 காலத்தில் பரவலான வகை, பெரும்பாலும் 32 பிட். NE என்று இருந்தால் அது விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் வகை. இரண்டும் இல்லாவிட்டால் அநேகமாக அது வெறும் டாஸ் நிரல். பக்கத்திலேயே ஓர் ஆங்கில வாக்கியமும் சாட்சி சொல்லும். This program cannot be run in DOS mode என்பது பெரும்பாலும் PE-யின் துணைக்கு வரும். This program requires Microsoft Windows என்று இருந்தால் NE-ஐத் தேடுங்கள். என் CHIPS.EXE-ல் இருந்தது NE.

PE ஆக இருந்திருந்தால் மருமகன் சொன்ன வழி சரியான வழி. அந்தக் கம்பாட்டிபிலிட்டி தாவலில் நடப்பது என்னவென்றால், விளையாட்டு "இது எந்த விண்டோஸ்?" என்று கேட்கும்போது "விண்டோஸ் 98தான் அப்பா" என்று கம்ப்யூட்டர் ஒரு பொய் சொல்கிறது. அதோடு பழைய விண்டோஸின் வேறு சில நடத்தைகளையும் காட்டி நடிக்கிறது. திரையை 640 x 480 ஆகவும், நிறங்களை 256 ஆகவும் குறைத்துக் காட்டுகிற வசதியும் அங்கே இருக்கிறது. ஆனால் இந்தப் பொய் வேலை செய்ய வேண்டுமென்றால் நிரல் முதலில் எழுந்து நின்று கேள்வி கேட்க வேண்டுமே! NE வகை 64 பிட் விண்டோஸில் எழுந்தே நிற்காது. 16 பிட் நிரல்களை ஓட்டுகிற பகுதியை மைக்ரோசாஃப்ட் 64 பிட் விண்டோஸில் வைக்கவே இல்லை. விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே கிடையாது. ஆகவே அங்கே எந்தத் தாவலைத் திறந்தாலும் பலன் இல்லை.

எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு இந்த PE வகைப் பிரச்சினை வந்தது. 1997-ல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் விளையாட்டு. ஓடுகிறது, ஆனால் பச்சையாக இருக்க வேண்டிய புல்லும் நீலமாக இருக்க வேண்டிய தண்ணீரும் ஊதாவும் சிவப்புமாகத் தெரிகின்றன. காரணம் சுவாரஸ்யமானது. அந்தக் காலத்து விளையாட்டுகள் 256 நிறங்களை ஒரு பட்டியலாகப் போட்டுவைத்து, "இந்தப் புள்ளிக்கு 37-ஆவது நிறம்" என்று எண்ணால் சொல்லும். புதிய விண்டோஸில் வேறு ஏதோ ஒன்று அந்தப் பட்டியலை இடையில் கலைத்துவிடுகிறது. 37-ஆவது இடத்தில் இப்போது வேறு நிறம். வருகைப் பதிவேட்டில் வரிசை எண்ணை மாற்றிவிட்டு "37, எழுந்திரு" என்று கூப்பிட்டால் வேறு பையன் எழுந்திருப்பான் இல்லையா, அந்த மாதிரி.

அதற்கு முதலில் கம்பாட்டிபிலிட்டி தாவலில் 8 பிட் நிறத்தைப் போட்டுப் பார்க்க வேண்டும். அதிலும் சரியாகாவிட்டால் 'ராப்பர்' என்ற இடைத்தரகர் உதவும். படம் வரைய வேண்டிய போதெல்லாம் இந்த விளையாட்டு ddraw.dll என்ற ஃபைலிடம் வேலை சொல்கிறது. விண்டோஸ் பொதுவாக அந்த ஃபைலைத் தன் சொந்த ஃபோல்டரில் தேடுவதற்கு முன்னால், விளையாட்டு இருக்கிற ஃபோல்டரில் தேடும். ஆகவே cnc-ddraw என்ற இலவச ராப்பரின் ddraw.dll ஃபைலை EMPIRES.EXE பக்கத்திலேயே போட்டுவிட்டால் விளையாட்டு அதனிடம் பேசத் தொடங்கும். அது நிறப் பட்டியலைத் தானே வைத்துக்கொண்டு, சரியான நிறத்தை இன்றைய திரைக்கு மாற்றிக் கொடுக்கும். விண்டோஸின் சொந்த ஃபைல் எதையும் தொட வேண்டியதில்லை. பிடிக்காவிட்டால் போட்ட ஃபைலை அழித்துவிட்டால் பழைய நிலைமை. அந்தப் பையனுக்குப் புல் பச்சையாகிவிட்டது.

என் NE-க்கு வருகிறேன். அதற்கும் ஒரு வகை இடைத்தரகர் உண்டு, பெயர் winevdm. அதன் ஃபோல்டரில் otvdm.exe என்று ஒரு நிரல் இருக்கும். பழைய 16 பிட் EXE-ஐ இழுத்து அதன் மேல் போட வேண்டியதுதான். பழைய செயலி செய்த வேலையை அது மென்பொருளாலேயே செய்துகொண்டு, விளையாட்டு விண்டோஸிடம் கேட்பதை மட்டும் இன்றைய விண்டோஸுக்கு மொழிபெயர்த்துச் சொல்கிறது. போட்டேன். இரண்டு நொடியில் சிப்பு திரையில் நின்றான். நான் கத்திய கத்தலில் சமையலறையிலிருந்து ஓடி வந்தார்.

வந்தவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "எங்கேங்க அவன்?" என்றார்.

நியாயமான கேள்வி. அந்த விளையாட்டின் களம் ஒரு பக்கத்துக்கு 9 கட்டம், ஒரு கட்டம் 32 புள்ளி, மொத்தம் 288 புள்ளி. கடையில் இருந்த பழைய திரையின் உயரமே 480 புள்ளிதான். அதனால் அங்கே அது பாதித் திரைக்கு மேல் இருந்தது. என் 15.6 அங்குல லேப்டாப்பில் அகலவாக்கில் 1920 புள்ளி. கணக்குப் போட்டால் களம் 5 சென்டிமீட்டர் சதுரம்தான் வரும். தீப்பெட்டி அளவு! திரையின் அளவை மாற்றலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் மாற்றி, பிறகு திரும்ப மாற்ற வேண்டும். அவர் தானாகத் திறந்து ஆட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

ஆகவே கடைசி வழிக்குப் போனேன். அது டாஸ்பாக்ஸ். இது விளையாட்டுக்கு மட்டும் உதவுகிற இடைத்தரகர் அல்ல. ஒரு முழுப் பழைய கம்ப்யூட்டரையே லேப்டாப்புக்குள் பொம்மையாகச் செய்து வைக்கிற நிரல். செய்தவர்கள் அதை டாஸ் விளையாட்டுகளுக்காகத்தான் செய்தார்கள். ஆனால் விண்டோஸ் 3.1 என்பதே டாஸின் மேல் ஏறி உட்கார்ந்து ஓடியதுதான். அதனால் அதை இதற்குள் நிறுவ முடியும். இதே காரணத்தால் விண்டோஸ் 95, 98-க்கு இந்த வழி பொருந்தாது. சாதாரண டாஸ்பாக்ஸ் அவற்றுக்காகச் செய்யப்பட்டதல்ல.

செய்தது இவ்வளவுதான். லேப்டாப்பில் C:\pazhasu என்று ஒரு புது ஃபோல்டர் செய்தேன். அதற்குள் win31 என்ற ஃபோல்டரில் ஃபிளாப்பிகளில் இருந்த எல்லா ஃபைலையும் ஒன்றாகப் போட்டேன். ஒன்றாக இருந்தால் "அடுத்த டிஸ்க்கைப் போடு" என்று கேட்காது. chips என்ற இன்னொரு ஃபோல்டரில் விளையாட்டு. CHIPS.EXE-உடன் CHIPS.DAT, WEP4UTIL.DLL இரண்டும் இருக்க வேண்டும். முதலாவதில்தான் நிலைகள் எல்லாம் இருக்கின்றன. பின்னது இல்லாவிட்டால் விளையாட்டு திறக்காது. பிறகு டாஸ்பாக்ஸைத் திறந்து இப்படி அடித்தேன்:

```
mount c c:\pazhasu
c:
cd win31
setup
```

முதல் வரிதான் முக்கியம். லேப்டாப்பின் pazhasu ஃபோல்டரைத்தான் அந்தப் பொம்மைக் கம்ப்யூட்டர் தன் முழு C டிரைவ் என்று நம்பும். அவசரத்தில் `mount c c:\` என்று மட்டும் அடித்துவிடாதீர்கள். உங்கள் நிஜ டிரைவையே அதனிடம் கொடுத்ததாகிவிடும். 1992-ஆம் வருஷத்து நிறுவல் நிரல் அங்கே போய் எழுதுவதை நாம் விரும்ப மாட்டோம்.

நிறுவல் கேட்ட கேள்விகளுக்கு அது சொன்ன விடையையே ஒப்புக்கொண்டேன். திரைக்கு VGA போதும், இந்த விளையாட்டுக்கு அதற்கு மேல் நிறம் தேவையில்லை. ஒலிக்கு ஒன்றும் செய்யவில்லை. கடைக் கம்ப்யூட்டரிலும் சவுண்ட் கார்டு கிடையாது, ஆகவே அவர் ஊமைச் சிப்புவைத்தான் பார்த்துப் பழகியவர். முடிந்ததும் pazhasu-வுக்குள் windows என்று ஒரு ஃபோல்டர் முளைத்திருந்தது.

அடுத்தது திரை. டாஸ்பாக்ஸின் அமைப்பு ஃபைலில் மூன்று வரிகளை மாற்றி, கடைசியில் நான்கு வரிகளைச் சேர்த்தேன்:

```
[sdl]
fullscreen=true
fullresolution=desktop
output=opengl

[autoexec]
mount c c:\pazhasu
c:
path=z:\;c:\windows
win c:\chips\chips.exe
```

மேலே உள்ள மூன்று வரிகள் அந்த 640 x 480 திரையை லேப்டாப்பின் உயரம் முழுக்க இழுத்துக் காட்டும். கீழே உள்ளவை ஒவ்வொரு முறையும் நாம் அடிக்க வேண்டியதைத் தாமே அடித்துக்கொள்ளும். இப்போது ஐகானைத் தட்டினால் நேரே விண்டோஸ் 3.1, அதற்குள் நேரே சிப்பு. அளந்து பார்த்தேன், களம் கிட்டத்தட்ட 12 சென்டிமீட்டர். கண்ணாடி இல்லாமலே தெரிகிறது என்றார்.

ஆனால் நின்றது முதல் நிலையில்.

அவருக்கு வேண்டியது 112. ஒவ்வொரு நிலைக்கும் நான்கு எழுத்துக் கடவுச்சொல் உண்டு. அது தெரிந்தால் நேராகத் தாவலாம். ஆனால் தாவினால் முன்னே ஆடிய 111 நிலைகளின் மதிப்பெண்களும் இருக்காது. அவை ENTPACK.INI என்ற சின்ன ஃபைலில் இருக்கின்றன. சிடியிலிருந்து அதைத் தேடி எடுத்து, விளையாட்டின் பக்கத்திலேயே chips ஃபோல்டரில் போட்டேன். மறுபடி திறந்தேன். மறுபடியும் முதல் நிலை. ஃபைல் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். அன்று இரவு அவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காலையில் எழுந்து ஃபைல்களின் தேதிகளைப் பார்த்தபோதுதான் விடை கிடைத்தது. pazhasu-வின் windows ஃபோல்டரில் இன்னொரு ENTPACK.INI இருந்தது. அதன் தேதி நேற்று. நான் போட்டதை விளையாட்டு பார்க்கவே இல்லை. அந்தக் கால நிரல்கள் இப்படி ஃபைல் பெயரை மட்டும் சொல்லி, இடத்தைச் சொல்லாமல் கேட்டால், விண்டோஸ் தன்னுடைய சொந்த ஃபோல்டரில்தான் தேடும். அங்கே இல்லாவிட்டால் அங்கேயே புதிதாக ஒன்றை எழுதிக்கொள்ளும். நேற்று முளைத்த அந்த ஃபைலை எடுத்துவிட்டு, பழையதை அங்கே வைத்தேன். வைக்கும்போது டாஸ்பாக்ஸை மூடியிருக்க வேண்டும். திறந்திருக்கும்போது வெளியிலிருந்து மாற்றினால், Ctrl+F4 அழுத்தும் வரை அது புதியதைக் கவனிக்காமல் போகலாம்.

வைப்பதற்கு முன்னால் அந்தப் பழைய ஃபைலை நோட்பேடில் திறந்து பார்த்தேன். தொடக்கம் இப்படி இருந்தது:

```
[Chip's Challenge]
Current Level=112
Highest Level=112
Level1=BDHP,71,1210
Level2=JXMJ,58,1580
```

கடவுச்சொல், மிச்சமிருந்த நொடிகள், மதிப்பெண். எனக்குக் கணக்கு வாத்தியார் புத்தி போகவில்லை, சரிபார்த்தேன். இந்த இரண்டு வரிகளிலும் நிலை எண்ணை 500-ஆல் பெருக்கி, மிச்ச நொடியை 10-ஆல் பெருக்கிக் கூட்டினால் மதிப்பெண். முதல் நிலைக்கு 500-உம் 710-உம் சேர்ந்து 1210. இரண்டாவதுக்கு 1000-உம் 580-உம் சேர்ந்து 1580. கணக்கு சரி, ஆகவே ஃபைல் கெடவில்லை. இப்படியே 111 வரிகள். 112-க்கு எதிரே கடவுச்சொல் மட்டும். நொடியும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை.

திறந்தேன். 112 வந்து நின்றது. அவர் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்து ஆடினார். ஐந்து முறை செத்தார். ஆறாவது முறை ஆரம்பிக்கும்போது, "இந்த இடத்துல இடது பக்கமா போகணும்னு தம்பி சொன்னான், நான்தான் கேட்கலை" என்றார்.

நான் கிண்டலாக, "முதல் நிலையில 71 நொடிதான் மிச்சம் வச்சிருக்கே. இப்ப ஆடினா இன்னும் சீக்கிரம் முடிப்பியே, போட்டுப் பாரேன்" என்றேன்.

"அது நான் ஆடினது இல்லைங்க. லெஸன் எட்டும் தம்பி ஆடிக் காட்டினது. நான் பக்கத்துல உட்கார்ந்து பார்த்தேன். ஒன்பதுலேர்ந்துதான் நான்" என்றார்.

அப்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த விளையாட்டு ஒரு நிலைக்கு ஒரே ஒரு மதிப்பெண்ணைத்தான் வைத்துக்கொள்ளும். அதைவிட நன்றாக ஆடினால், பழையதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புதியதை எழுதிவிடும். கேட்காது. 71-க்குப் பதில் 75 வந்தால் 71 என்பது எங்கேயும் இருக்காது. நான் கிண்டலுக்குச் சொன்னதை அவர் செய்திருந்தால், மச்சான் அன்று மதியம் விளையாடிய அந்த ஒரு வரி போயிருக்கும். முதல் நாள் விளையாட்டு அந்தப் பழைய ஃபைலைப் பார்க்காமல் போனதும் நல்லதுக்குத்தான். சோதனைக்காக நானே முதல் இரண்டு நிலைகளை ஆடியிருந்தேன்.

ஆகவே உடனே இரண்டு காரியம் செய்தேன். அந்த ENTPACK.INI-ஐ ஒரு பென்டிரைவிலும், எனக்கே அனுப்பிக்கொண்ட ஒரு மின்னஞ்சலிலும் வைத்தேன். நூற்றுச் சொச்சம் வரி, சில ஆயிரம் எழுத்து, அவ்வளவுதான். பிறகு C:\pazhasu ஃபோல்டரை அப்படியே நகல் எடுத்து C:\pazhasu2 என்று வைத்தேன். டாஸ்பாக்ஸ் வழியில் இது ஒரு பெரிய சௌகரியம். அந்தப் பழைய கம்ப்யூட்டர் முழுவதும் ஒரே ஃபோல்டர்தான். ஃபோல்டரை நகல் எடுத்தால் கம்ப்யூட்டரையே நகல் எடுத்த மாதிரி. இரண்டாவது ஐகானின் அமைப்பு ஃபைலில் mount வரியில் மட்டும் pazhasu2 என்று மாற்றினேன். பேரன் லீவுக்கு வந்தால் அதில் லெஸன் ஒன்றிலிருந்து ஆடலாம். எதை அழித்தாலும் கவலை இல்லை.

அவருக்கு இரண்டு விஷயம் மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி லேப்டாப்பில் ஒட்டியிருக்கிறேன். மவுஸ் உள்ளே மாட்டிக்கொண்டால் Ctrl+F10. முடித்ததும் நேராக டாஸ்பாக்ஸை மூடக் கூடாது. முதலில் விளையாட்டு, பிறகு விண்டோஸ் 3.1, பிறகுதான் டாஸ்பாக்ஸ். ஆடியது எழுதப்படுவதற்கு முன்னால் கரண்டைப் பிடுங்கின மாதிரி ஆகிவிடக் கூடாது அல்லவா.

மருமகன் வந்து அந்த 111 வரிகளையும் தன் போனில் படம் எடுத்துக்கொண்டு போனான். முதல் எட்டு வரிகளை மட்டும் பெரிதாக்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "அப்பா ரெண்டாவது லெஸன்ல 58 நொடிதானா அத்தை?" என்று கேட்டான்.

"அன்னிக்கு நடுவுல ஒரு கஸ்டமர் வந்துட்டாங்க. எழுந்து போய் நோட்டீஸ் எடுத்துக் கொடுத்துட்டு வந்துதான் முடிச்சான்" என்றார் என் மனைவி.

இதை எழுதும்போது பின்னால் 112 ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னும் முடியவில்லை. தாவிப் போகிறீர்களா என்று அது கேட்டுவிட்டது. வழக்கம்போல 'இல்லை' என்று சொல்லிவிட்டார்.